சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம்

"அக்கா, இதில் உள்ளதெல்லாம் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீங்க. தம்பி சாப்பிட்டு முடித்த பிறகு அரை மணி நேரத்துக்கு அவனைப் படுக்க வைக்க வேண்டாம், தூளியில் போட வேண்டாம், வயிற்றை அழுத்தித் தூக்கவும் வேண்டாம்."

சென்னையில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தாய், தன் 16 மாதப் பையனைப் பகலில் பார்த்துக்கொள்ள வந்த அக்காவுக்கு எழுதிய சீட்டு இப்படித் தொடங்குகிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அதை அவருடைய அனுமதியோடு இங்கே எடுத்துப் பேசுகிறேன். பையனுக்கு எதுக்களிப்புத் தொந்தரவு. பிறந்த சில வாரங்களிலேயே பாலைக் கக்கத் தொடங்கியவன், ஒரு வயது தாண்டியும் முழுதாக நிறுத்தவில்லை. அதுவரை பார்த்துக்கொண்ட பாட்டி ஊருக்குத் திரும்ப, வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். வந்தவர் அனுபவசாலி. தன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்தவர். அதனாலேயே இந்தச் சீட்டு ஒவ்வொரு விஷயத்துக்கும் காரணமும் சொல்கிறது. கிண்ணத்தைக் காலி செய்ய வைப்பது, வயிறு நிறைந்த கையோடு தூளியில் ஆட்டித் தூங்க வைப்பது, கொஞ்சம் கக்கினாலும் உடனே இன்னொரு டம்ளர் பால் கொடுப்பது என நல்ல வளர்ப்பு என்று நாம் நினைக்கும் பழக்கங்களில் பாதி, இந்தப் பிள்ளைக்கு ஒத்துவராதவை.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. சுருக்குப்பையின் வாய் போல, உணவு இறங்கும்போது திறந்து பிறகு சுருங்கிக்கொள்ளும். விழுங்காத நேரத்திலும் அது அவ்வப்போது சில விநாடிகள் தளரும். பெரியவர்களுக்கும் இது நடக்கிறது. ஆனால் கைக்குழந்தையின் உணவுக்குழாய் குட்டை, இரைப்பை சிறிது, உணவு முழுக்கத் திரவம், நாளின் பெரும்பகுதி படுக்கை. தசை தளரும் அந்தச் சில விநாடிகளில் பால் எளிதாக மேலே வந்துவிடுகிறது. நான்கு மாத வாக்கில் கக்குவது உச்சத்தில் இருக்கும். பிள்ளை உட்காரவும் நிற்கவும் கெட்டியான உணவு சாப்பிடவும் பழகும்போது குறைந்துகொண்டே வந்து, பெரும்பாலான பிள்ளைகளுக்கு 12 முதல் 14 மாதத்துக்குள் நின்றுவிடும்.

கக்கினாலும் எடை ஒழுங்காக ஏறி, சிரித்து விளையாடும் குழந்தைக்கு வைத்தியம் தேவையில்லை. துணி துவைக்கும் வேலைதான் கூடும். மேலே வரும் அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கினாலோ, சாப்பாட்டைக் கண்டாலே பிள்ளை முகத்தைத் திருப்பினாலோ, எடை நின்றுபோனாலோ, இருமலும் இரைப்பும் வந்தாலோதான் அது நோய். நம் பையன் இரண்டாவது வகை. எட்டு மாதத்துக்குப் பிறகு எடை மெதுவாக ஏறியது. சாப்பிடும்போது முதுகை வில்லாக வளைத்து அழுதான். இரவில் படுத்த கொஞ்ச நேரத்தில் இருமினான். குழந்தை மருத்துவர் சொன்னபடிதான் தாய் உணவு நேரங்களை வகுத்திருக்கிறார்.

சீட்டில் நேரம் இப்படி எழுதியிருக்கிறது.

"காலை 7 மணி மருந்தும் 7.30 இட்லியும் நானே கொடுத்துவிடுவேன். 10 மணிக்குப் பாதி வாழைப்பழம், இல்லாவிட்டால் வேகவைத்த ஆப்பிள். 12.15க்குப் பருப்பு சாதம், நீலக் கிண்ணத்தில் முக்கால். தூக்கம் 1.15க்கு மேல்தான். 3.30க்கு எழுந்த பிறகு டம்ளரில் 120 மில்லி பால். 5 மணிக்கு ஒரு இட்லி அல்லது கேழ்வரகுக் கூழ் அரைக் கிண்ணம். நடுவில் தண்ணீர் இரண்டு மூன்று வாயாக எப்போது வேண்டுமானாலும் கொடுங்க. ஆனால் சாப்பாட்டோடு டம்ளர் டம்ளராக வேண்டாம்."

இரண்டு முதல் மூன்று மணி நேர இடைவெளி என்பதுதான் இதன் அடிப்படை. இரைப்பை முட்ட நிறைந்தால் மேல்வாய் தளர்வது கூடும், தளரும்போது வெளியே தள்ளவும் சரக்கு நிறைய இருக்கும். மூன்று வேளைப் பெரிய சாப்பாட்டை ஐந்தாறு சிறிய வேளைகளாகப் பிரித்தால், நாள் முழுவதும் உள்ளே போகும் அளவு குறையாது, ஒரு நேரத்தில் வயிறு தாங்க வேண்டியது மட்டும் குறையும். இடையிடையே பிஸ்கட்டும் பாலுமாகக் கொறிக்கக் கொடுப்பது இதுவல்ல. அப்படிக் கொடுத்தால் வயிறு காலியாகவே நேரம் கிடைக்காது, 12.15க்குப் பசியும் இருக்காது. பால் அளவையும் தாய் அதனால்தான் பிடித்து வைத்திருக்கிறார். ஒரு வயதுக்கு மேல் நாளுக்குச் சுமார் அரை லிட்டருக்குள் பால் போதும். அதற்கு மேல் போனால் சோற்றுக்கு இடமில்லாமல் போகும், இரும்புச் சத்தும் குறையும். இரவு ஏழு மணிக்குத் தாய் கொடுப்பதையும் சேர்த்து இவனுக்கு 300 மில்லிக்குள்தான். மீதியைத் தயிரும் நெய்யும் பருப்பும் ஈடுகட்டுகின்றன.

முக்கால் கிண்ணத்தை வைத்து வரும் சண்டை எந்த வீட்டுக்கும் புதிதல்ல. சீட்டில் அதற்கு ஒரு பத்தி:

"அக்கா, அவன் தலையைத் திருப்பிக்கொண்டாலோ, வாயை இறுக்கினாலோ, கையால் தட்டிவிட்டாலோ அதோடு விட்டுடுங்க. இன்னும் நாலு வாய்தான் இருக்கு என்று காக்கா காட்டி ஊட்ட வேண்டாம். அந்த நாலு வாய்தான் ஒரு மணிக்குத் திரும்பி வெளியே வரும், கூடவே முன்னால் சாப்பிட்டதும் வரும். நீங்க ஒழுங்காக ஊட்டவில்லை என்று நான் ஒரு நாளும் நினைக்க மாட்டேன்."

கடைசி வரி முக்கியமானது என்று நினைக்கிறேன். சம்பளத்துக்குப் பிள்ளை பார்ப்பவர் கிண்ணத்தைக் காலியாகக் காட்டினால்தான் தன் வேலை முடிந்ததாக நினைப்பார். அந்த பயத்தைப் போக்காமல் அளவை மட்டும் எழுதி வைத்தால், பெற்றவள் திரும்பும்போது கிண்ணம் காலியாக இருக்கும், பிள்ளையின் சட்டை மாற்றப்பட்டிருக்கும். ஊட்டலுக்கு 25 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். ஒரு மணி நேரம் துரத்தித் துரத்தி ஊட்டினால் பிள்ளை அழும், அழும்போது காற்றை விழுங்கும், வயிறும் இறுகும். சாப்பாடு என்றாலே வலி என்று ஏற்கெனவே படித்துவிட்ட குழந்தைக்கு, அது சண்டையும்கூட என்று இன்னொரு பாடமும் சேர்ந்துவிடும்.

இனி உட்காரும் விதம். ஊட்டும்போது பிள்ளை உயர் நாற்காலியில் நேராக, கால் தொங்காமல் பலகையில் படியும்படி உட்கார வேண்டும். சாய்த்துப் பிடித்துப் பாலாடையில் ஊற்றுவதும், காலில் மல்லாக்கப் போட்டுக் கூழ் ஊட்டுவதும் பழைய வழக்கம். கைக்குழந்தைக்கே சரியில்லாத அந்த முறையில் புரையேறும் ஆபத்தும் உண்டு. சாப்பிட்ட பிறகு தோளில் சாய்த்து வைத்திருக்கலாம், நடக்கவிடலாம், நின்றபடி பொம்மையை அடுக்க வைக்கலாம். கூடாதது, வயிற்றுப் பகுதி மடியும் எந்த நிலையும். அரைஞாண் கயிறும் டயாப்பரும் இறுக்கமாக இருந்தாலும் இதே விளைவுதான். சாப்பாட்டுக்கு முன் டயாப்பரை மாற்றிவிடுங்கள், சாப்பிட்டதும் காலைத் தூக்கி மடக்கி மாற்ற வேண்டாம் என்று சீட்டு சொல்வதும் அதற்காகவே.

தூளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புடவையைத் தொங்கவிட்டுக் கட்டிய தூளியில் பிள்ளை ஆழ்ந்து தூங்கும், உண்மைதான். ஆனால் அதில் உடல் வில்லாக வளைகிறது, முழங்கால் மேலேறுகிறது, வயிறு அழுந்துகிறது. சாய்ந்த நிலை எதுக்களிப்புக்கு நல்லது என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மருத்துவர்களிடமும் இருந்தது. கைக்குழந்தைகளைச் சாய்வு இருக்கையில் வைத்துச் சோதித்த அமெரிக்க மருத்துவர்கள், குப்புறப் படுத்திருந்ததைவிட அந்த இருக்கையில் எதுக்களிப்பு அதிகமாகவே இருந்ததை 1983இல் காட்டினார்கள். சரிந்து மடங்கி உட்காரும்போது வயிறு நசுங்குவதே காரணம். அதைப் படித்துவிட்டுக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்கவும் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை குப்புறத் தூங்கினால் திடீர் மரணத்தின் ஆபத்து கூடும். எதுக்களிக்கும் குழந்தைக்கும் மல்லாக்கப் படுக்கைதான். தலையணையை அடுக்கி உயர்த்துவதும் பாதுகாப்பல்ல, பிள்ளை சரிந்து கழுத்து மடங்கலாம். 16 மாதப் பையன் தானே புரண்டு படுப்பான், அவனைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். தட்டையான பாயில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என்ற இரண்டே நிபந்தனைகள்.

உணவைப் பற்றிச் சீட்டில் கண்டிப்பு குறைவாக இருக்கிறது. அது எனக்குப் பிடித்தது. தக்காளி, புளி, ஆரஞ்சு, சாக்லெட், வறுத்த பண்டம் ஆகியவை சில பிள்ளைகளுக்கு மட்டும் தொந்தரவைக் கூட்டும். எல்லோருக்கும் அல்ல. வயிறு சரியில்லை என்றதும் நம் வீடுகளில் கைபோவது ரசத்தின் பக்கம்தான். புளியும் தக்காளியும் மிளகும் சேர்ந்த ரசம், புண்ணான உணவுக்குழாய்க்கு எரிச்சலாக இருக்கலாம். நெய் ஒரு சிறு ஸ்பூன் போதும், கொழுப்பு கூடினால் இரைப்பை காலியாக நேரமெடுக்கும். மாவு புளிக்காத இட்லி, புளிக்காத தயிர், பருப்பு, பூசணி, கேரட் ஆகியவை இவனுக்கு ஒத்துப்போகின்றன.

தாய்க்கு முதலில் தக்காளி மேல்தான் சந்தேகம். அதை முற்றிலும் நிறுத்திவிட நினைத்திருந்தார். அதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம், கொடுத்தது, அளவு, படுத்த நேரம், கக்கினானா என்று ஐந்து கட்டம் போட்டு அக்காவிடம் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தக்காளி சேர்ந்த நாட்களில் சிலவற்றில் கக்கியிருந்தான், சிலவற்றில் ஒன்றுமில்லை. கக்கிய நாட்களுக்கு வேறொரு பொதுத்தன்மை இருந்தது. காலை இட்லியைச் சரியாகச் சாப்பிடாத நாளில், பாவம் என்று 11 மணிக்கு ஒரு பெரிய டம்ளர் பால் கொடுத்திருந்தார் அக்கா. 12.15க்குச் சாதம் வழக்கம்போல. பால் குடித்த மயக்கத்தில் கண் சொருகியதால் 12.45க்கே தூளி. ஒரு மணிக்கு முன்பே சாதமும் திரிந்த பாலும் வெளியே. சட்டையில் தெரிந்த சிவப்பு தக்காளியுடையது, அதனால் பழி அதன் மேல் விழுந்திருந்தது. அதன் பிறகுதான் சீட்டில் இந்த வரி சேர்ந்தது: "ஒரு வேளை தப்பினால் அடுத்த வேளையில் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். அன்று தூக்கம் சீக்கிரம் வந்தால் சாதத்தைப் பாதியாக்குங்க, மீதியை எழுந்த பிறகு கொடுக்கலாம்."

தக்காளி இப்போதும் அந்த வீட்டில் இருக்கிறது, கொஞ்சமாக.

மருந்தை அக்காவிடம் தாய் ஒப்படைக்கவில்லை. சரியான முடிவு. அமிலச் சுரப்பைக் குறைக்கும் லான்சோபிரசோல், ஒமெப்ரசோல் வகை மருந்துகளை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுத்தால்தான் முழுப் பலன். அவற்றின் சிறு உருண்டைகள் மேலுறை பூசியவை. பொடித்தால் வயிற்று அமிலத்திலேயே மருந்து வீணாகும். முக்கியமாக, இந்த மருந்து உணவு மேலே வருவதை நிறுத்தாது, வருவதில் உள்ள அமிலத்தைத்தான் குறைக்கும். அதனால் மருந்து கொடுத்த பிறகும் பிள்ளை கக்கினால் "மருந்து கேட்கவில்லை" என்று அளவைக் கூட்டக் கூடாது. 2018இல் வட அமெரிக்க, ஐரோப்பிய குழந்தைகள் இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையும் இதைத்தான் வலியுறுத்துகிறது: நலமாக இருந்து வெறுமனே கக்கும் குழந்தைக்கு இந்த மருந்து வேண்டாம், நோய் உள்ள பிள்ளைக்கு நான்கு முதல் எட்டு வாரம் கொடுத்து, பிறகு தேவையா என்று திரும்பப் பார்க்க வேண்டும். கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், வசம்பு எதையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்றும் சீட்டில் இருக்கிறது. வசம்பு, அளவு மீறினால், தானே வாந்தியைக் கொண்டுவரும்.

கக்கும்போது என்ன செய்வது? "பயப்படாதீங்க, தலைகீழாகத் தூக்காதீங்க, வாய்க்குள் விரல் விட வேண்டாம். உட்கார்ந்திருந்தால் முன்பக்கம் சாய்த்துப் பிடிங்க. படுத்திருந்தால் ஒரு பக்கமாகத் திருப்பிவிடுங்க. துடைத்துவிட்டு அரை மணி நேரம் ஒன்றும் கொடுக்க வேண்டாம். அப்புறம் ஸ்பூனில் தண்ணீர். தங்கினால் அடுத்த வேளை வழக்கம்போல." பல் துலக்குவதைப் பற்றிச் சீட்டில் ஒன்றும் இல்லை, நான் சேர்க்கிறேன். அமிலம் பட்ட பல்லின் மேல்பூச்சு கொஞ்ச நேரம் மென்மையாகவே இருக்கும். உடனே பிரஷ் வைத்துத் தேய்க்காமல் தண்ணீரால் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள்.

எல்லா நாளும் கக்கலாகவே வெளிப்படாது. அடிக்கடி எச்சில் விழுங்குவது, சாப்பிட்ட பின் வரும் விக்கல், புளித்த வாயாடை, படுத்ததும் இருமல், இரண்டு வாய் ஆசையாகச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதில் அழுவது ஆகியவையும் உள்ளே அமிலம் ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம். இவற்றையும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். மருத்துவர் ஐந்து நிமிடத்தில் கேட்கும் கேள்விகளுக்கு அந்த நோட்டுதான் பதில்.

சீட்டின் கடைசிப் பத்தி சிவப்பு மையில் இருந்தது. "பச்சையாக வாந்தி எடுத்தாலோ, ரத்தமோ காப்பித் தூள் மாதிரியோ வந்தாலோ, மூச்சு விடத் திணறினாலோ, எழுப்பியும் துவண்டு கிடந்தாலோ முதலில் 108க்குப் போன் செய்யுங்க, எனக்கு அப்புறம். விடாமல் வாந்தி எடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறு உப்பிக் கல்லாகிவிட்டாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே என்னைக் கூப்பிடுங்க, நான் கூட்டத்தில் இருந்தாலும் எடுப்பேன்."

இந்தப் பிரிவினை நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. பச்சை நிறம் என்றால் பித்தநீர். குடலில் எங்கோ அடைப்போ முறுக்கோ இருக்கலாம், அங்கே தாமதிக்க முடியாது. தாய் போனை எடுக்கும் வரை காத்திருக்க வேண்டிய நிலையல்ல அது. காய்ச்சலோடும் பேதியோடும் வரும் தொடர் வாந்தி எதுக்களிப்பு அல்ல, பெரும்பாலும் வயிற்றில் தொற்று. அப்போது உப்பு சர்க்கரைக் கரைசலும் மருத்துவரும் தேவை, நேர அட்டவணை அல்ல. எதுக்களிப்புக் குழந்தை என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு வரும் ஒவ்வொரு வாந்தியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடும் பழக்கம் ஆபத்தானது.

பெற்றோர் பார்க்க வேண்டிய ஒரு எல்லையும் உண்டு. ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய கக்கலும், 18 மாதம் தாண்டியும் நிற்காத கக்கலும் வெறும் எதுக்களிப்பாக இல்லாமல் போகலாம். பசும்பால் புரத ஒவ்வாமை இதே முகத்தோடு வரும். மருத்துவர் சொன்னால் பாலையும் பால் பொருள்களையும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தித் தொந்தரவு அடங்குகிறதா என்று பார்த்து, திரும்பக் கொடுத்து உறுதி செய்வார்கள். இதை வீட்டிலேயே நம் இஷ்டத்துக்குச் செய்தால் வளரும் பிள்ளைக்குச் சத்துக் குறையும். உங்கள் பிள்ளை அந்த வயதைத் தாண்டியும் கக்கிக்கொண்டிருந்தால், நேரத்தை மாற்றி மாற்றிப் புதுச் சீட்டு எழுதிக்கொண்டிருக்காமல், அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குழந்தைகள் இரைப்பைக் குடல் நிபுணரைப் பாருங்கள்.